வராத ஆளுக்குப் போகும் சம்பளம்

2016 பிப்ரவரியில் நைஜீரிய நிதியமைச்சகம் மத்திய அரசின் சம்பளப் பட்டியலிலிருந்து 23,846 பெயர்களை நீக்கியதாக அறிவித்தது. அந்த மாதச் சம்பளச் செலவு, 2015 டிசம்பரோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 229 கோடி நைரா குறைந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் கெமி அடியோசுன். நீக்கப்பட்ட பெயர்களுக்கு மாதம் தவறாமல் பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெயர்களுக்குரிய ஆட்கள்தான் வேலையில் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் அலுவலகம் அலுவலகமாகப் போய்த் தலை எண்ணவில்லை. பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்று பார்த்தார்கள். நைஜீரிய மத்திய வங்கி 2014-இல் ஒவ்வொரு வங்கி வாடிக்கையாளரின் கைரேகையையும் புகைப்படத்தையும் பதிந்து, அவருக்கு 11 இலக்க எண் ஒன்றைக் கொடுக்கத் தொடங்கியது. ஒருவர் பத்து வங்கிகளில் கணக்கு வைத்திருந்தாலும் அந்த எண் ஒன்றுதான். சம்பளம் போகும் கணக்குகளை இந்த எண்ணோடு பொருத்தியதும் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. பட்டியலில் ஒரு பெயரும் கணக்கில் வேறொரு பெயரும் இருந்தன. ஒரே ஆள் பல இடங்களிலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. டெல்லி மாநகராட்சி கைரேகை வருகைப்பதிவைக் கொண்டுவந்தபோது, 2009 நவம்பரில் ஒரு கணக்கு வெளியானது. துறைகள் கொடுத்த பட்டியலில் 1,27,094 பேர். நேரில் வந்து கைரேகை பதிந்தவர்கள் 1,04,241 பேர். இடைவெளி 22,853. டெல்லியில் வருகைப்பதிவும் நைஜீரியாவில் வங்கிக் கணக்கும் காட்டிக்கொடுத்தன.

சம்பளம் வாங்கும் ஒவ்வொரு மனிதரும் மூன்று இடங்களில் தடம் விடுகிறார். வேலைக்குச் சேரும்போது பணியாளர் பிரிவில் ஒரு கோப்பு திறக்கப்படுகிறது. தினமும் வந்து போகும்போது வாசலில் ஒரு பதிவு விழுகிறது. மாதக் கடைசியில் வங்கியில் ஒரு வரவு ஏறுகிறது. இந்த மூன்றையும் வெவ்வேறு ஆட்கள் எழுதினால், இல்லாத ஒருவரைப் பட்டியலில் வைத்துக் காப்பாற்ற மூன்று பேர் கூட்டுச் சேர வேண்டும். மூன்றையும் ஒருவரே எழுதினால், அல்லது ஒருவர் எழுதியதை மற்ற இருவர் பார்க்காமல் நகல் எடுத்துக்கொண்டால், ஒரு போலிப் பெயர் பல ஆண்டுகள் சம்பளம் வாங்கலாம். ஆகவே சரிபார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த மூன்று பதிவுகளும் உண்மையிலேயே மூன்று இடங்களிலிருந்து வருகின்றனவா என்பதைத்தான்.

போலிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. பிறக்கவே இல்லாத ஒருவருக்குப் பெயர் சூட்டிக் கோப்பு திறப்பது ஒரு வகை. வேலையை விட்டுப் போனவர், ஓய்வு பெற்றவர், இறந்தவர் ஆகியோரின் பெயரை நீக்காமல் விட்டுக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிவிடுவது இன்னொரு வகை. கோப்பு ஏற்கெனவே உண்மையானது என்பதால் இந்த இரண்டாவது வகைதான் செய்வதற்குச் சுலபம். மூன்றாவது வகையில் ஆள் உண்மை, கணக்கும் அவருடையதே, ஆனால் வேலைக்கு வருவதில்லை. சம்பளத்தில் ஒரு பங்கு மேலே இருப்பவருக்குப் போகிறது. ஒப்பந்த வேலைகளில் நான்காவது வகை உண்டு: எண்பது பேரை அனுப்பிவிட்டு நூறு பேருக்கு பில் போடுவது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் மாட்டும்.

எல்லா வகைக்கும் பொதுவான பலவீனம் வங்கிக் கணக்கு. பெயரைப் பொய்யாக எழுதலாம், வருகையையும் பொய்யாக எழுதலாம். ஆனால் பணத்தை எடுத்துச் செலவழிக்க உயிரோடு ஒருவர் வேண்டும். அவர் யார் என்று வங்கிக்குத் தெரியும்.

இங்கே பலர் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. நிறுவனம் சம்பளக் கோப்பை வங்கிக்கு அனுப்பும்போது அதில் பெயர், கணக்கு எண், கிளைக் குறியீடு, தொகை எல்லாம் இருக்கும். ஆனால் நெஃப்ட் போன்ற மின்னணுப் பரிமாற்றத்தில் வங்கி கணக்கு எண்ணை மட்டுமே பார்த்து வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-இல் தெளிவுபடுத்தியது. பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கும் பொறுப்பு பணம் அனுப்புபவருடையது. அதாவது முருகேசன் என்று எழுதி, வேறு யாருடைய கணக்கு எண்ணைப் போட்டாலும் பணம் போய்ச் சேர்ந்துவிடும், திரும்பி வராது. பணம் போய்ச் சேர்ந்தது என்பதாலேயே ஆள் இருக்கிறார் என்று நினைக்கும் நிர்வாகிகள் நிறையப் பேர். வங்கி அப்படி ஒரு சாட்சியத்தைக் கொடுக்கவே இல்லை.

கேட்டால் வங்கி சொல்லும். பணம் அனுப்பும் முன் பயனாளியின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்த வேண்டும் என்று 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதற்கு முன்பிருந்தே நிறுவனங்கள் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ரூபாய் அனுப்பி, பதிலாக வரும் கணக்குதாரர் பெயரைப் பதிந்துகொள்ளும் முறை வழக்கத்தில் உண்டு. நானூறு பேர் வேலை செய்யும் இடத்தில் இதற்கு நானூறு ரூபாயும் சிறிது கட்டணமும்தான் செலவு.

இனி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். விளக்கத்துக்காக நான் உருவாக்கிய நூற்பாலை இது. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு சிக்கலும் சரிபார்ப்பவர்கள் வழக்கமாகச் சந்திப்பதே. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலை. மார்ச் மாதச் சம்பளப் பட்டியலில் 412 பெயர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் நம்பர். வருகையை டைம் ஆபீஸ் பார்க்கிறது. சம்பளத்தைக் கணக்குப் பிரிவு போடுகிறது.

சரிபார்ப்பவர் நான்கு பட்டியல்களைக் கேட்கிறார். பணியாளர் பிரிவின் ஆள் பதிவேடு, கணக்குப் பிரிவின் மார்ச் சம்பளப் பட்டியல், வாசலில் இருக்கும் கைரேகை இயந்திரத்தின் பதிவு, வங்கி உண்மையில் வரவு வைத்த பட்டியல். கடைசி இரண்டையும் எங்கிருந்து வாங்குகிறார் என்பதில்தான் வேலையின் பாதி இருக்கிறது. டைம் ஆபீஸ் அச்சிட்டுத் தரும் மாத வருகை அறிக்கை வேண்டாம். அது திருத்தப்பட்ட அறிக்கை; விட்டுப்போன பதிவுகளைக் கையால் சேர்த்திருப்பார்கள். இயந்திரத்துக்குள் இருக்கும் மூலப் பதிவு வேண்டும்: யார், எந்த நாள், எத்தனை மணிக்கு விரல் வைத்தார் என்பது. அதேபோல, கணக்குப் பிரிவு ‘இதைத்தான் வங்கிக்கு அனுப்பினோம்’ என்று நீட்டும் எக்செல் கோப்பு வேண்டாம். வங்கியிடமிருந்தே நேராக வரும் பட்டியல் வேண்டும். நிறுவனத்திடம் இருக்கும் கோப்பை யாரும் பிறகு மாற்றியிருக்கலாம்.

முதல் பொருத்தம் வங்கிக் கணக்குகளில்: ஒரே கணக்கு இரண்டு பேருக்கு இருக்கிறதா? கேட்கச் சுலபமாக இருக்கும் இந்தக் கேள்வியில் எக்செல் ஒரு குழி வைத்திருக்கிறது. எண்ணாக எழுதப்பட்ட எதிலும் எக்செல் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் காணாமல் போகும். ஆகவே கணக்கு எண் இருக்கும் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவமாக வைத்துக் கோப்பை இறக்க வேண்டும். அப்படி வைத்தாலும் COUNTIF என்ற சூத்திரம் அதை எண்ணாகவே எடுத்துக்கொண்டு ஒப்பிடும்; கடைசி இலக்கம் மட்டும் மாறுபடும் இரண்டு கணக்குகளை ஒன்று என்று சொல்லிவிடும். ஒரு குற்றமும் செய்யாத இரண்டு தொழிலாளர்கள் சந்தேகப் பட்டியலில் ஏறிவிடுவார்கள். இதைத் தவிர்க்கக் கணக்கு எண்ணுக்கு முன்னால் வங்கியின் நான்கு எழுத்துக் குறியைச் சேர்த்துவிட்டால் போதும். E பத்தியில் கிளைக் குறியீடும் F பத்தியில் கணக்கு எண்ணும் இருந்தால்:

```
H2:  =LEFT(E2,4)&F2
I2:  =COUNTIF(H$2:H$413,H2)
```

முழுக் கிளைக் குறியீட்டைச் சேர்க்காமல் முதல் நான்கு எழுத்தை மட்டும் எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே கணக்கை இரண்டு வரிகளில் இரண்டு கிளைக் குறியீடுகளோடு எழுதி வைத்திருந்தால், முழுக் குறியீட்டோடு ஒப்பிடும்போது அவை வெவ்வேறு கணக்குகளாகத் தெரியும்.

I பத்தியில் ஒன்றுக்கு மேல் வந்தவை ஆறு வரிகள். மூன்று கணக்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டு டோக்கன்கள். முதலாவது, ஆலையிலேயே வேலை பார்க்கும் கணவன் மனைவியின் கூட்டுக் கணக்கு. இரண்டாவதில் ஒரு தாயும் மகளும். மகள் பிப்ரவரியில்தான் சேர்ந்தாள், சொந்தக் கணக்கு இன்னும் திறக்கவில்லை. மூன்றாவதில் 2041, 2056 என்ற டோக்கன்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு இனிஷியல், வெவ்வேறு பிரிவு. ஒருவர் ஸ்பின்னிங், மற்றவர் பேக்கிங். இருவரும் கடந்த ஜூலையில் ஒரே நாளில் பட்டியலில் ஏறியவர்கள்.

இரண்டாவது பொருத்தம் வருகையில். மார்ச்சில் சம்பளம் வாங்கியும் இயந்திரத்தின் மூலப் பதிவில் ஒரு நாள்கூட விரல் வைக்காதவர்கள் யார்? ஒன்பது பேர் வந்தார்கள். இந்த ஒன்பதைப் பார்த்ததும் பதறக் கூடாது. இரண்டு பேர் சம்பள விடுப்பில் இருந்தார்கள், விடுப்புக் கடிதம் கோப்பில் இருக்கிறது. ஒருவர் லாரி டிரைவர், இன்னொருவர் பஞ்சு கொள்முதலுக்காக வெளியூரில் இருப்பவர். இருவரின் பயணக் கணக்கும் ரசீதுகளும் பொருந்துகின்றன. இரண்டு பேருக்கு இயந்திரத்தில் விரல் விழுவதே இல்லை. வருடக்கணக்காக நூலோடு உராய்ந்த விரல்களில் ரேகை தேய்ந்துவிடும். அவர்கள் வாட்ச்மேன் முன்னால் நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். மீதி மூன்று பேர். 2041, 2056, அப்புறம் 1187.

இந்த மூன்று பேருக்கும் டைம் ஆபீஸின் மாத அறிக்கையில் 26 நாள் வருகை இருக்கிறது. இயந்திரத்தில் ஒன்றும் இல்லை. அப்படியானால் 26 நாளும் கையால் ஏற்றப்பட்டவை. திருத்திய அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்திருந்தால் மூன்று பேரும் ஆலையின் மிக ஒழுங்கான தொழிலாளர்களாகத் தெரிந்திருப்பார்கள்.

1187-க்குத் தனிக் கணக்கு எண் இருக்கிறது, அதனால்தான் முதல் பொருத்தத்தில் அது சிக்கவில்லை. இதற்கு மூன்றாவது பொருத்தம் வேண்டும்: போன மாதக் கோப்பையும் இந்த மாதக் கோப்பையும் பக்கத்தில் வைத்து, எந்த டோக்கனுக்குக் கணக்கு எண் மாறியிருக்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு மாதமும் சிலருக்குக் கணக்கு மாறுவது இயல்பு. மாற்றச் சொல்லித் தொழிலாளி எழுதிய கடிதமும் பாஸ்புக் முதல் பக்க நகலும் கோப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சரிபார்ப்பவர் ஒவ்வொரு மாதமாகப் பின்னோக்கிப் போகிறார். 1187 டிசம்பரில் ராஜினாமா செய்தவர். கடிதம் பணியாளர் பிரிவில் இருக்கிறது. ஜனவரியில் அவருடைய கணக்கு எண் மாறியது. கடிதமும் இல்லை, பாஸ்புக் நகலும் இல்லை.

அடுத்து வங்கியிடம் கணக்குதாரர் பெயர் கேட்கப்பட்டது. 1187-க்குப் புதிதாகப் போட்ட கணக்கு ராஜினாமா செய்தவருடைய பெயரில் இல்லை. 2041-உம் 2056-உம் பகிர்ந்துகொண்ட கணக்கு, டைம் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவரின் மைத்துனர் பெயரில் இருந்தது.

தொகையைப் பாருங்கள். ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதம், இரண்டு டோக்கன், மாதம் 13,600 ரூபாய் வீதம் 2,44,800. ஜனவரி முதல் மூன்று மாதம் 14,200 வீதம் 42,600. மொத்தம் 2,87,400 ரூபாய். 412 பேரின் சம்பளத்தில் இது கண்ணுக்குத் தெரியாத தொகை. மாதச் சம்பளச் செலவு திடீரென்று ஏறவில்லை, பட்ஜெட்டைத் தாண்டவில்லை. மொத்தத் தொகையைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் மேலாளருக்கு இது ஒருநாளும் தெரிந்திருக்காது. பெயர் பெயராகப் பார்த்தால்தான் தெரியும்.

கணினியில் 1187-இன் கணக்கு எண்ணை மாற்றியது யாருடைய லாகின் என்று பார்த்தால் கணக்குப் பிரிவு குமாஸ்தாவின் பெயர் வருகிறது. இங்கே நிதானம் வேண்டும். அவருடைய பாஸ்வேர்டு டைம் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். மாதக் கடைசி அவசரத்தில் உதவிக்கு வருபவர்கள் அதைத்தான் பயன்படுத்துவார்கள். எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு என்று பார்த்தபோது, மாற்றம் நடந்தது இரவு ஷிப்டில், குமாஸ்தா வீட்டுக்குப் போன பிறகு. பட்டியல்கள் பொய் எங்கே இருக்கிறது என்று காட்டும். எழுதிய கை யாருடையது என்பதற்குத் தனியாக விசாரணை வேண்டும். லாகின் பெயரை மட்டும் வைத்து ஒருவரைத் திருடர் என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

இந்த ஆலையில் போலிகள் சுலபமாக மாட்டின. கெட்டிக்காரத்தனமாகச் செய்பவர் தனிக் கணக்கு வைப்பார், இயந்திரத்திலும் எப்படியோ பதிவை ஏற்றுவார். அப்போது சரிபார்ப்பவர் வேறொன்றைத் தேடுகிறார். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வேலை பார்க்கும் மனிதர் சம்பளப் பட்டியலில் ஏற்ற இறக்கங்களை உண்டாக்குவார். ஒரு மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போடுவார். தீபாவளிக்கு அட்வான்ஸ் வாங்குவார், தவணையில் கழிப்பார். கேன்டீன் பிடித்தம் மாதத்துக்கு மாதம் மாறும். ஓவர்டைம் சில வாரம் இருக்கும், சில வாரம் இருக்காது. பஸ் தவறினால் பத்து நிமிடம் தாமதமாக வருவார். வருங்கால வைப்பு நிதியில் வாரிசாக யாரையாவது எழுதியிருப்பார். யூனிபார்ம் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பார். சம்பளத்தில் ஐம்பது ரூபாய் குறைந்தால் வந்து கேட்பார். இல்லாத ஆள் எதையும் கேட்பதில்லை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போவதில்லை, அட்வான்ஸ் தேவைப்படுவதில்லை, கேன்டீனில் டீ குடிப்பதில்லை. பன்னிரண்டு மாதமும் ஒரே நிகரச் சம்பளம், பைசா மாறாமல். ஆகவே ஒரு வருடப் பட்டியலை எடுத்து, யாருடைய சம்பளம் மாதாமாதம் கொஞ்சமும் மாறவில்லை, யாருக்கு எந்தப் பிடித்தமும் இல்லை என்று வரிசைப்படுத்தினால், மேலே வரும் பத்துப் பதினைந்து பெயர்களை நேரில் பார்த்துவிடுவது நல்லது. மாதச் சம்பளக்காரர்கள் சிலரும் இதில் வருவார்கள். பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வருகைப் பதிவின் மணி நிமிடத்திலும் இதே போன்ற தடம் உண்டு. உண்மையான ஒருவரின் பதிவு 7.52, 7.58, 8.03 என்று அலையும். கையால் ஏற்றியது 8.00, 8.00, 8.00 என்று நிற்கும். இரண்டு டோக்கன்கள் தினமும் ஐந்து வினாடி இடைவெளியில், அதே வரிசையில் பதிவானால் ஒருவரே இருவருக்காகவும் பதிகிறார் என்று சந்தேகிக்கலாம். அட்டை தேய்க்கும் இயந்திரங்களில் இது மிகச் சுலபம். சேர்ந்து பஸ்ஸில் வரும் அண்ணன் தம்பியும் இப்படித்தான் பதிவார்கள் என்பதை மறக்கக் கூடாது. வாசலில் ஒருநாள் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கைரேகையை ஏமாற்ற முடியாது என்று நம்புகிறவர்களுக்கு 2013-இல் பிரேசிலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சாவ் பாவ்லோ அருகில் ஃபெராஸ் டி வாஸ்கன்செலோஸ் என்ற ஊரில், பொது மருத்துவமனை மருத்துவர் ஒருவர் சிலிக்கானில் செய்த ஆறு விரல்களோடு பிடிபட்டார். வேலைக்கு வராத சக ஊழியர்களுக்காக அந்த விரல்களை இயந்திரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். இங்கே சம்பளம் வாங்கியவர்கள் எல்லோரும் உண்மையான மனிதர்கள், உண்மையான கணக்குகள். எந்தப் பட்டியலை எதனோடு பொருத்தினாலும் பொருந்தும். மூன்றாவது வகைப் போலி இதுதான். இதை எக்செல் பிடிக்காது. புகைப்படமும் முழுத் தீர்வு அல்ல. நூறு நாள் வேலையில் பணித்தளத்திலேயே தொழிலாளர்களைப் படமெடுத்து ஏற்றும் செயலி வந்தது. ஆனால் சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படமெடுத்தவையும் ஏற்றப்படுவதாக மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025-இல் மாநிலங்களுக்கு எழுதியது.

அதனால் பட்டியல் பொருத்தம் முடிந்த பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல் நேரில் ஆள் பார்ப்பது தேவைப்படுகிறது. அதையும் சரியாகச் செய்ய வேண்டும். மூன்று ஷிப்டையும் 24 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் எண்ணப்பட்டவரே இரவில் இன்னொரு டோக்கனோடு நிற்பார். ஆளை அடையாளம் காட்டும் வேலையை அந்தப் பிரிவின் சூப்பர்வைசரிடமோ மேஸ்திரியிடமோ கொடுக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தன் அடையாள அட்டையையும் பாஸ்புக்கையும் தானே காட்ட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்றால், ஒப்பந்தக்காரர் வைப்பு நிதி கட்டிய பெயர்ப் பட்டியலை வாங்கி, அதில் உள்ள பெயர்களைக் கூப்பிட வேண்டும். நூறு பேருக்கு பில் போட்டு எண்பது பேருக்கு வைப்பு நிதி கட்டியிருந்தால் அங்கேயே கேள்வி எழுந்துவிடும்.

பொருத்தத்தைத் திருப்பியும் போட்டுப் பார்க்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. சம்பளம் வாங்கி வேலைக்கு வராதவர் யார் என்று மட்டும் தேடுகிறார்கள். வேலைக்கு வந்தும் பட்டியலில் இல்லாதவர் யார் என்று கேட்பதில்லை. கேட்டால், வாசல் பதிவேட்டிலோ ஆள் பார்க்கும்போதோ சில முகங்கள் தட்டுப்படும். வேறொருவர் டோக்கனில் வேலை பார்க்கும் பதிலி ஆட்கள். பெயருக்கு உரியவர் வங்கியிலிருந்து முழுச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, உழைப்பவருக்குப் பாதியைக் கொடுப்பார். இந்தத் தொழிலாளிக்கு வைப்பு நிதி இல்லை, இஎஸ்ஐ இல்லை. இயந்திரத்தில் கை சிக்கினால் அவர் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். போலிகளைத் தேடும்போது கிடைக்கும் இந்த உண்மையான மனிதரைக் கண்டும் காணாமல் விடுவது பெரிய தவறு.

பெயர் பொருத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்களிடத்தில் அது தனிச் சிக்கல். ஆலைக் கோப்பில் எஸ். முருகன் என்றிருப்பவர் வங்கியில் முருகன் சுப்பிரமணியாக இருப்பார், ஆதாரில் முருகன் மட்டுமாக இருப்பார். திருமணத்துக்கு முன் தந்தையின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல் என்று பெண்களுக்கு இரண்டு வடிவங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது லட்சுமி என்ற ஒரு பெயருக்கே நாலைந்து எழுத்துக்கூட்டு. கணினி இவற்றையெல்லாம் பொருந்தவில்லை என்றே சொல்லும். அதனால் பெயர் மாறுபாடு மட்டும் எவரையும் போலி ஆக்காது. பெயர் மாறுபட்டு, வருகையும் இல்லாமல், கோப்பில் ஆவணமும் இல்லாமல் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். டெல்லியின் 22,853-ஐயும் இந்தக் கவனத்தோடுதான் படிக்க வேண்டும். அது இரண்டு பட்டியல்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். அதில் போலிகளும் இருக்கலாம், ஒழுங்காகப் பராமரிக்காத பதிவேடுகளும் இருக்கலாம்.

நிர்வாகங்கள் அவசரப்படுவது இங்கேதான். பட்டியலில் சிவப்பு நிறம் விழுந்ததும் சம்பளத்தை நிறுத்திவிடுகிறார்கள். முந்நூறு போலிகளைப் பிடித்தோம் என்று அறிவித்த பிறகு, அதில் எழுபது பேர் ரேகை தேய்ந்தவர்கள், மாற்றுப்பணியில் போனவர்கள், கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறியவர்கள் என்று தெரியவந்தால், அந்த எழுபது வீடுகளிலும் அந்த மாத வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் யார் பதில் சொல்வது? சந்தேகப் பெயர் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, நேரில் வந்து நிரூபிக்க நாள் கொடுத்து, வந்தவருக்கு அன்றே சம்பளத்தை விடுவிக்க வேண்டும். உண்மையான ஆள் கண்டிப்பாக வருவார். போலிக்கு வர ஆள் இல்லை. இந்த ஒரு படியே மீதிச் சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிடும்.

அந்த நூற்பாலையில் பிறகு மாற்ற வேண்டியவை அதிகம் இல்லை. புதிய பெயரைப் பட்டியலில் ஏற்றுபவரும் வருகையைத் திருத்துபவரும் வங்கிக் கோப்பை அனுப்புபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். கையால் ஏற்றிய ஒவ்வொரு வருகைக்கும் காரணமும் இரண்டாவது கையெழுத்தும் வேண்டும். ராஜினாமாக் கடிதம் வந்த அன்றே அந்த டோக்கனைக் கணினியில் மூடிவிட வேண்டும்.

சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் கையெழுத்துப் போடும் முன் மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: போன மாதத்துக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்த பெயர்கள், கணக்கு எண் மாறிய பெயர்கள், வருகை முழுவதும் கையால் ஏற்றப்பட்ட பெயர்கள். நானூறு பேர் உள்ள இடத்தில் மூன்றும் சேர்ந்து இரண்டு பக்கத்தைத் தாண்டாது. அதில் உங்களுக்கு முகம் தெரியாத நான்கைந்து பேரை அழைத்து வரச் சொல்லி, நேரில் பார்த்துப் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.